இருபத்தொன்பதாவது கேரியர்

“வாடக குடுக்கலன்னா சண்ட போடுவாங்க. குடுத்தாலும் சண்ட போடுற ஆளு நீ ஒருத்திதாங்கா.”

“குடுத்த காசு எங்கேர்ந்து வந்துச்சின்னு சொல்லுடா மொதல்ல. அப்புறம் என்னைய பத்தி பேசலாம்.”

வில்லியனூரில் தேர் நிற்கிற இடத்துக்குப் பின்தெருவில், ராத்திரி எட்டு மணிக்கு மேல், இந்தச் சத்தம் கேட்டதும் குழாயடியில் குடங்கள் நிறைந்து வழிந்தன. யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ முதலாளி தையலம்மாள் கொட்டகை வாசலில் நிற்கிறாள். எதிரே சூசைநாதன், சாவியை விரலில் மாட்டிக்கொண்டு. வாடகை பாக்கி என்று அந்தத் தெருவில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. முழு வாடகையும் வந்துவிட்டது என்று ஒரு சண்டை நடப்பது அன்றைக்குத்தான்.

“காலைல வண்டி எடுக்கறப்ப இன்னா நம்பரு, தோ கதவுல சுண்ணாம்புல எழுதி வச்சிருக்கேன் பாரு. இப்ப இன்னா நம்பரு? நாப்பது கிலோமீட்டரு கூட ஓடல. நாப்பது கிலோமீட்டருல பெட்ரோலும் போட்டு இருவத்தஞ்சி ரூவா வாடகையும் குடுக்க முடியுமாடா? எனக்கு இன்னா கணக்கு தெரியாதுன்னு நெனச்சியா?”

அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று தெருவில் யாருமே நினைக்கவில்லை. சூசைநாதன்கூட நினைக்கவில்லை. அதனால்தான் அவன் தரையைப் பார்த்தான்.

“சாராயம் கடத்துறியா?” என்றாள், குரலை இறக்கி. இறக்கிய குரல்தான் தெருமுனை வரைக்கும் போயிற்று. “கண்டமங்கலம் வந்தா தமிழ்நாடு. புடிச்சான்னா உன்ன உள்ள வப்பான், என் வண்டியையும் எடுத்துக்குவான். அவரு வேலைல சேத்து வச்ச பணத்துல வாங்கின வண்டிடா அது. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். சாவிய வச்சிட்டுப் போ. நாளைக்கு செல்லப்பன் எடுத்துக்குவான்.”

சூசைநாதனுக்கு முகம் வெளுத்தது. ஏன் என்று குழாயடிக்குத் தெரியும். அந்தோணியார் தெரு இக்னேஷியஸ் தன் மகள் செலின் மேரியைத் தை மாதம் இவனுக்குக் கட்டிக்கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனையோடு. ஓட்ட ஒரு வண்டி கையில் இருக்க வேண்டும், வாடகை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. இவனுக்கு முன்னால் வந்த மாப்பிள்ளை மூன்று முதலாளி மாறினவன், அந்தக் காரணத்துக்கே போகச் சொல்லிவிட்டார். சாவி போனால் செலின் மேரி போனாள்.

“மாதா மேல சத்தியமா சாராயம் இல்லக்கா” என்று அவசரமாகச் சட்டைப் பையில் கையை விட்டு மிச்சம் மீதி எல்லாவற்றையும் வெளியே இழுத்தான். “தோ பாரு, எல்லாமே சில்லறையாத்தான் இருக்கு. சாராயக் காசு இப்படியா இருக்கும்?”

சில்லறை சிந்தியது. அதோடு ஒரு பித்தளை வில்லையும் விழுந்து, உருண்டு, தையலம்மாள் காலடியில் சாய்ந்தது. ஆலைத் தொழிலாளிகள் உள்ளே நுழையும்போது கொடுத்து, வெளியே வரும்போது வாங்கிக்கொள்ளும் டோக்கன். நானூற்றுப் பன்னிரண்டு என்று குத்தியிருந்தது.

தையலம்மாள் குனிந்து எடுத்தாள். விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். கதவைச் சாத்தி உள்ளே போய்விட்டாள். குழாயடிக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

*

ஆட்டோ ஓட்டுவது என்றால் சக்கரம் சுற்றுவது என்று நினைப்பவர்கள் வாடகை வண்டி ஓட்டியதில்லை. ஓட்டினாலும் இருபத்தைந்து, ஸ்டாண்டில் நின்றாலும் இருபத்தைந்து. பெட்ரோல், ஆயில், பஞ்சர் ஓட்டுகிறவன் தலையில். இஞ்சின் படுத்தால் மட்டும் முதலாளி. நாளெல்லாம் ஓட்டினால் நாலு லிட்டர் குடிக்கும், லிட்டர் ஏழு ரூபாய். ஆக, ஐம்பத்துமூன்று ரூபாய் வருகிற வரைக்கும் அவன் ஓட்டுவது தையலம்மாளுக்கும் பங்க்காரனுக்கும். அதற்கு மேல் வருவதுதான் சூசைநாதனுக்கு. அது பத்தாக இருக்கும், பதினைந்தாக இருக்கும், பல நாள் ஒன்றுமே இருக்காது.

எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதில்தான் பிழைப்பே. விடியற்காலை கீரைக்காரிகளைப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறக்கினால் நல்ல காசு. ஆனால் அங்கிருந்து காலியாகத் திரும்பினால் வந்தது பெட்ரோலோடு போச்சு. பெரியாஸ்பத்திரி வாசலில் நின்று, ஊருக்குத் திரும்புகிற நோயாளியை ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை கோயில், கடைத்தெரு, சினிமாக் கொட்டகைக்குப் போகிற கூட்டம். நடுவில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஒரு ஈ எறும்பு ஏறாது. ஸ்டாண்டில் எல்லோரும் பின்சீட்டில் காலை நீட்டித் தூங்குவார்கள்.

அந்தத் தூங்கும் நேரத்தைக் காசாக்கியதுதான் சூசைநாதனின் கெட்டிக்காரத்தனம். திருவாண்டார்கோயில் பக்கத்து நூல் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு வில்லியனூரிலிருந்தும் அரியூரிலிருந்தும் மத்தியானச் சாப்பாடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ரசம் கொட்டி ஒரு பெரிய மனிதரின் வேட்டி நனைந்தது. கண்டக்டர் இனிமேல் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார். இவன் வீடு வீடாகப் போய்ப் பேசினான். ஒரு கேரியருக்கு நாளுக்கு ஐம்பது பைசா, சனிக்கிழமை வசூல். இருபத்தெட்டு கேரியர் சேர்ந்தது. போய்வர ஒரு லிட்டரும் கொஞ்சமும். திரும்பும்போது ஷிப்ட் விட்டு வருகிற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டால் காலி ஓட்டமும் இல்லை. செலின் மேரியின் தகப்பனாரே “பையனுக்கு மண்டைல இருக்குது” என்றார்.

முதல் வாரத்திலேயே ஒரு சின்னக் கோளாறு. இங்கே ஏற்றும்போது இருபத்தெட்டு. ஆலை வாசலில் இறக்கும்போது இருபத்தொன்பது.

பழைய மூன்றடுக்குக் கேரியர் அது. மூடியில் பச்சை பெயிண்டில் மூன்று புள்ளி. நடு அடுக்கு ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. வண்டியின் இடப்பக்கக் கம்பியில் தானாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் யாராவது மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். கண்டமங்கலம் சோதனைச் சாவடியில் இருந்த போலீஸ்காரர் மட்டும், சாராய வாசனை வருகிறதா என்று மூக்கை நுழைத்து எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், “இருபத்தெட்டு, போ” என்பார்.

ஆலை வாசலில் அவரவர் தம் கேரியரை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பச்சைப் புள்ளி மட்டும் மதில் மேல் நின்றது. யாரும் தொடவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து காலிகளைச் சேர்க்கும்போது பார்த்தால், மற்றதெல்லாம் எண்ணெயும் பருப்புமாக வந்திருக்க, இது மட்டும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. திறந்தான். மேல் அடுக்கில் மூன்று ரூபாயும் ஒரு நாலணாவும். அன்றைக்குக் காலை ஓட்டத்தில், பெட்ரோல் போக, வாடகைக்கு அவன் கையில் குறைந்தது மூன்றே கால் ரூபாய்.

எந்த வீட்டிலோ முன்பணம் வைத்திருக்கிறார்கள் என்று பையில் போட்டுக்கொண்டான். வில்லியனூருக்குள் நுழைந்தபோது கம்பியில் கேரியர் இல்லை.

மறுநாள் ஒன்றரை ரூபாய் குறைந்தது. கேரியரில் ஒன்றரை ரூபாய் இருந்தது. அதற்கு மறுநாள் மழை, ஏழு ரூபாய் குறைந்தது. ஏழு ரூபாய் இருந்தது. புத்தியுள்ள எவனும் இந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடியிருப்பான். சூசைநாதன் மாதா கோயில் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வண்டி முழுக்கத் தெளித்தான். பயத்துக்கு அது போதும் என்று தோன்றியது. பிறகு யோசிக்க ஆரம்பித்தான்.

காலையில் வந்த பத்து ரூபாயை அம்மாவின் அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, இல்லாதவன்போல மத்தியானம் போய்ப் பார்த்தான். கேரியர் பதினைந்துதான் கொடுத்தது. அதை ஏமாற்ற முடியாது. ஆனால் அது கணக்குப் பார்ப்பது மத்தியானம் வரைக்கும் வந்ததை மட்டும். சாயங்காலம் வரப்போவதை அது பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து அவன் காலையில் வண்டியைப் பெயருக்கு எடுத்துக்கொண்டு போய், சங்கராபரணி ஆற்றுப் பாலத்துக்குக் கீழே நிழலில் போட்டுத் தூங்கினான். கீரைக்காரிகள் திட்டிவிட்டு வேறு வண்டி பிடித்தார்கள். மத்தியானம் முழு இருபத்தைந்தும் கேரியரில் வந்தது. சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓட்டியதெல்லாம் செலின் மேரியின் தாலிக்கு என்று சேர்ந்தது. வில்லியனூர் ஸ்டாண்டில் அவனை மாதிரி நேரம் பார்த்து ஓட்டினவன் ஒருத்தனும் கிடையாது.

என்ன, வண்டிதான் நாளாக நாளாகக் கொஞ்சம் கனத்தது. அரியூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற இடத்தில், உச்சி வெயிலில், நிழல் காலுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் நேரத்தில், பின்பக்கம் இடது ஸ்பிரிங் மெல்ல இறங்கும். யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. இஞ்சின் குரல் மாறும். திரும்பிப் பார்த்தால் கேரியர்கள் மட்டும். சீட்டில் மட்டும் பஞ்சுத் தூசி, ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு. தினமும் தட்டிவிடுவான். தினமும் இருக்கும். கொஞ்ச நாளாகப் பச்சைப் புள்ளிக் கேரியரைக் கையில் வாங்கும்போது பிடி சூடாக இருந்தது, அதுவரை யாரோ இறுக்கிப் பிடித்திருந்த மாதிரி.

சண்டை நடந்த அன்றைக்குக் கேரியரில் இருபத்தைந்து ரூபாயோடு அந்த டோக்கனும் இருந்தது. ஆலை வாசலில் ஒரு கிழவரிடம் ஜாடையாகக் கேட்டான்.

“ஒரு ஆளோட டோக்கன இன்னொரு ஆளு கைல குடுத்தா இன்னா அர்த்தம்பா?”

“இன்னா அர்த்தம்? நான் வரல, எனக்குப் பதிலி நீ போய் நில்லுன்னு அர்த்தம்” என்றார் அவர், வெற்றிலையை மென்றபடி. “அவன் சம்பளத்த வாங்கித் தின்னவன்தானே பதிலி போவணும்.”

*

மறுநாள் காலையில் தையலம்மாள் கொட்டகையைத் திறந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. செல்லப்பன் வந்து நின்றான். “அப்புறம் வாப்பா” என்று அனுப்பிவிட்டு, சூசைநாதனைப் பார்த்து, “சொல்லு” என்றாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. பாலத்தடியில் தூங்கியதையும் சேர்த்துச் சொன்னான்.

“மூடில மூணு பச்சப் புள்ளியா?”

“ஆமாங்கா.”

“நடு அடுக்கு ஒடுங்கி இருக்குமா?”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே கீழ போட்டு ஒடுக்கினேன்” என்றாள். “கருமாதி அன்னிக்கு அவரு துணிமணியோட அந்தக் கேரியரையும் திருக்காஞ்சில ஆத்துல வுட்டுட்டேன். அத வூட்டுல வச்சிப் பாக்க முடியல.”

அவள் புருஷன் சாமிநாதன் அந்த ஆலையில்தான் வேலை செய்தார். சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்த கேரியர் திறக்காமலே வந்தது. அவருடைய நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. செத்தும் பெண்டாட்டிக்கு வாடகை குறையக் கூடாது என்று நினைக்கிற புருஷன் அந்தத் தெருவில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். இருக்கிற புருஷன்களே அப்படி இல்லை.

“போறப்ப அந்தக் கேரியருல இன்னா சாப்பாடு இருக்கும்?” என்று கேட்டாள் தையலம்மாள்.

சூசைநாதன் விழித்தான். “தெரியாதுக்கா. போறப்ப நான் தொறந்ததில்ல.”

“வர்றப்ப மட்டும் தொறப்ப.”

அவன் வண்டிக் கம்பியைத் துடைக்கப் போனான்.

மத்தியானம் கேரியர்களை ஏற்றும்போது அவளும் வந்து பின்சீட்டில் ஏறினாள், மடியில் மூடி போட்ட இரண்டு பாத்திரங்களோடு. இருபத்தெட்டை அவளே எண்ணினாள். அரியூர் தாண்டியது. கரும்புக்கு நடுவே காற்று நின்றது. இடது ஸ்பிரிங் இறங்கியது. தையலம்மாள் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். சூசைநாதன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் கண்ணாடியையே பார்க்கவில்லை.

“நிறுத்துடா.”

கம்பியில் பச்சைப் புள்ளிக் கேரியர் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி மடியில் வைத்துத் திறந்தாள். மூன்று அடுக்கும் காலி. கழுவித் துடைத்து, வரும்போது இருப்பதைப் போலவே, போகும்போதும்.

“இத்தன நாளா இதத்தான் எடுத்துகினு போய் அவரு முன்னால வச்சியா?” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. “வெறும் கேரியருக்குக் காசு குடுத்துகினு இருந்தாரு மனுஷன். பசில.”

கீழ் அடுக்கில் சோறு, நடுவில் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, மேலே முருங்கைக்கீரை. நிறைத்து, கீரையின் மேல் அந்த டோக்கனை வைத்தாள். மூடுவதற்கு முன் குனிந்து, பக்கத்தில் இருக்கிறவரிடம் வீட்டு விஷயம் பேசுவதுபோலச் சொன்னாள்:

“உங்க நம்பர நீங்களே வச்சிக்குங்க. பதிலி யாரும் வரமாட்டாங்க. இந்தப் பையனுக்குத் தையில கல்யாணம். குடுத்த காச நான் அவங்கிட்ட கேட்டு வாங்கிக்கிறேன், அத நீங்க பாக்காதீங்க.”

ஆலை வாசலில் எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். மதில் மேல் ஒன்று நின்றது. சங்கு ஊதியது. வெயிலில் எதுவும் அசையவில்லை. தையலம்மாள் வண்டிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சாப்பிடுகிற ஆளை உற்றுப் பார்க்கக் கூடாது என்பதுபோல. சூசைநாதனும் எதிர்ப்பக்கம் பார்த்தான். பின்னால் மதில் பக்கத்தில் அடுக்கைத் திறக்கிற மெல்லிய சத்தம் ஒரு தரம் கேட்டது. அவன் உருட்டிக்கொண்டிருந்த ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறோம் என்பதை மறந்துபோனான்.

அன்றைக்குக் கேரியர் கழுவாமல் வந்தது. குழம்பு ஒட்டியிருந்தது. கருவாட்டு முள் ஒரு ஓரம். உள்மூடியில் கறிவேப்பிலை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக ஒட்டப்பட்டிருந்தது. தையலம்மாள் அதைப் பார்த்து, “இது மட்டும் மாறல” என்றாள். டோக்கன் இல்லை. காசும் இல்லை.

திரும்பும்போது வண்டி அவ்வளவு இலேசாக ஓடியது. ஊருக்குள் நுழைந்தபோது கம்பி வெறுமையாக இருந்தது. அப்புறம் அவன் ஓட்டிய வரைக்கும் இருபத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை.

ராத்திரி வண்டியை விடும்போது தையலம்மாள் கையை நீட்டினாள். “இருவத்தஞ்சி.”

“இன்னிக்கு ஒம்பதுதாங்கா இருக்குது. நீயும்தானே கூட இருந்த.”

“நான் இருந்தா வாடக கம்மியா? வச்சிட்டுப் போ. மிச்சம் நாளைக்கு. அவரு குடுத்தத அப்புறம் வாரா வாரம் புடிச்சிக்கிறேன்.”

விடியற்காலையில் கீரைக்காரிகள் வாசலில் அவன் போய் நின்றபோது, “இன்னாப்பா, தூக்கம் தெளிஞ்சிதா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்கள்.

*

தை மாதம் மாதா கோயிலில் சூசைநாதனுக்கும் செலின் மேரிக்கும் கல்யாணம் நடந்தது. தாலி நினைத்ததைவிடக் கனம் குறைவு. சேர்த்ததில் பாதிக்கு மேல் தையலம்மாளுக்குப் போயிருந்தது. இக்னேஷியஸுக்குக் காரணம் தெரியாது. மாப்பிள்ளை கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். சித்திரையில் இருவரும் மூலக்குளத்துக்குக் குடிபோனார்கள். அங்கே புதிது புதிதாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது, நாளெல்லாம் சவாரி. வேறொரு முதலாளி, வாடகை முப்பது. மத்தியானம் மட்டும் அவன் வண்டி எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து தட்டில் சாப்பிடுவான். செலின் மேரி கேரியரில் கட்டிக்கொடுக்கட்டுமா என்று ஒரு தரம் கேட்டாளாம். அதற்கு அவன் கோபித்துக்கொண்டதைப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

தையலம்மாள் கிருமாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் கஸ்தூரி வீட்டோடு போய்விட்டாள். வண்டியைச் செல்லப்பனிடம் விட்டுவிட்டுப் போனாள். மத்தியான ஓட்டத்தையும் அவன்தான் எடுத்துக்கொண்டான். நல்ல பையன். வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய் வாடகையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறான். இதுவரை ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ஸ்டாண்டில் மட்டும் காலை நேரத்தில் அவனை யாரும் பார்ப்பதில்லை என்கிறார்கள்.

முதல் வாரங்களில் தையலம்மாள், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. சில்லறையை முறத்தில் கொட்டி, அதில் ஒட்டியிருக்கிற பஞ்சை ஊதிவிட்டு எண்ணுகிறாள். எண்ணி முடித்ததும் அடுப்பைப் பற்றவைக்கிறாள். செல்லப்பன் திரும்பும்போது அவன் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்து, மத்தியானம் அரியூர் தாண்டினதும் நிறுத்தி, கம்பியில் தொங்குகிறதே அந்தக் கேரியரில் இதை மாற்றி வைத்துவிட்டுப் பிறகு வண்டியை எடு என்று சொல்லி அனுப்புகிறாள். எந்தக் கேரியர் என்று அவனும் கேட்பதில்லை.